ஒரே லேப்டாப்பில் ஒரு கேம் ஓடுகிறது, இன்னொன்று திக்குகிறது

இன்டெல் ஐ5-8250யு பிராசஸர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே அடங்கிய யுஹெச்டி 620 கிராபிக்ஸ்தான். 2018 வாக்கில் கல்லூரிப் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் வாங்கப்பட்ட லேப்டாப்களில் இந்தச் சேர்க்கை மிகச் சாதாரணம். அப்படி ஒரு லேப்டாப் வீட்டில் இருந்தால் மைன்கிராஃப்ட் விளையாட்டை அதில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். பெட்ராக் பதிப்பு என்று ஒன்று, ஜாவா பதிப்பு என்று இன்னொன்று. இரண்டையும் வெளியிடுவது ஒரே நிறுவனம். அதே சதுரக் கட்டைகள், அதே மரங்கள், அதே ஆடு மாடுகள். ஆனாலும் பெட்ராக் பதிப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஜாவா பதிப்போ அதே தூரக் காட்சியை வரைவதற்கு மூச்சு வாங்கும், நடுநடுவே சட்டென்று ஒரு கணம் நின்று பிறகு நகரும்.

இதைப் பார்க்கிற பெரும்பாலானோர் லேப்டாப்பைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் லேப்டாப் மாறவில்லை, விளையாட்டும் மாறவில்லை. மாறியது இன்ஜின் மட்டும்தான். படம் வரைவது, ஒலி எழுப்புவது, பொருட்களை நினைவகத்தில் வைத்து எடுப்பது, எது எதன்மேல் மோதுகிறது என்று கணக்கிடுவது ஆகிய வேலைகளைச் செய்யும் அடித்தள மென்பொருள்தான் இன்ஜின். ஜாவா பதிப்பு 2009-இல் கம்ப்யூட்டருக்காக ஜாவா மொழியில் பிறந்தது. பெட்ராக், 2011-இல் போன்களுக்காக வந்த சிறிய பதிப்பிலிருந்து சி++ மொழியில் வளர்ந்தது. அன்றைய போனில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் அதன் பிறப்பிலேயே இருந்தது.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வோம். சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு படத்தையும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும், சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு விநாடியில் 54 ஃபிரேம்கள் சரியாக இந்த நேரத்துக்குள் முடிந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். திரையின் மூலையில் உள்ள எண் அப்போது 55 என்று காட்டும். பார்த்தால் நல்ல எண். ஆனால் அந்த ஒரு ஃபிரேமில் துப்பாக்கிக் குறி தாவியிருக்கும், கை அதை உணர்ந்திருக்கும். இன்னொரு விளையாட்டு விநாடிக்கு 35 ஃபிரேம் என்று ஒரே சீராக ஓடலாம். அது மந்தமாக இருக்கும், ஆனால் திக்காது. மந்தமாக ஓடுவதும் திக்கித் திக்கி ஓடுவதும் வெவ்வேறு நோய்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. சராசரி எஃப்.பி.எஸ் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் “லேக்” என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் பலர் தேவையில்லாத பொருளுக்குக் காசு செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஜாவா பதிப்பின் திக்கலை எடுத்துக்கொள்வோம். சி++ மொழியில் எழுதுபவர், நினைவகத்தில் ஓர் இடத்தை எப்போது எடுப்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறார். ஜாவாவில் எழுதுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வேண்டும்போது இடம் எடுத்துக்கொள்ளலாம்; பயன்பாடு முடிந்தவற்றைத் தேடிப்பிடித்து அப்புறப்படுத்த கார்பேஜ் கலெக்டர் என்ற பகுதி தனியாக இருக்கிறது. எழுதுவதற்கு வசதிதான். ஆனால் அந்தத் துப்புரவின் சில கட்டங்களில் விளையாட்டு முழுவதும் நின்று காத்திருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜாவா பதிப்பில் F3 விசையை அழுத்தினால் திரையின் வலப்பக்க மேல் மூலையில் Mem: என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதிலுள்ள சதவீதம் 30, 40, 50 என்று ஏறிக்கொண்டே போகும், பிறகு சட்டென்று கீழே விழும், மறுபடி ஏறும். விழும் அந்தக் கணமும் படம் திக்கும் கணமும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். மைன்கிராஃப்டைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் பல ஆண்டுகளாக ஜாவாவுக்குக் கொடுத்துவந்த கட்டளைகளில் இவை இரண்டும் உண்டு:

```
-Xmx2G
-XX:MaxGCPauseMillis=50
```

முதலாவது, அதிகபட்சம் 2 ஜிபி நினைவகம் எடுத்துக்கொள் என்கிறது. இரண்டாவது, துப்புரவுக்காக நிறுத்தும் நேரம் 50 மில்லி விநாடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்று இலக்கு வைக்கிறது. மைன்கிராஃப்ட் உலகத்தின் கடிகாரம் விநாடிக்கு 20 முறைதான் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 50 மில்லி விநாடி. உலகத்தின் கணக்கில் அது ஒரு துடிப்பு. கண்ணின் கணக்கிலோ மூன்று ஃபிரேம். நல்ல மேசைக் கணினியில் இந்த வேலையைச் சும்மா கிடக்கும் கோர்கள் பகிர்ந்துகொண்டு சீக்கிரம் முடித்துவிடும். நம் லேப்டாப்பில் இருப்பது நான்கு கோர், அவற்றோடு கிராபிக்ஸும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் மின்சார வரம்பு 15 வாட். துப்புரவுக்குப் பிராசஸர் வேகமெடுத்தால் கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் பங்கு குறையும்.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் அந்த 2G என்பதை 6G ஆக்கிவிடுகிறார்கள். 8 ஜிபி மட்டுமே உள்ள லேப்டாப்பில் இது விபரீதம். உள்ளடங்கிய கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அதுவும் அதே 8 ஜிபியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். விண்டோஸுக்கும் கிராபிக்ஸுக்கும் இடம் இல்லாமல் போனால் சேமிப்பு வட்டிலிருந்து எடுத்துப்போடும் வேலை தொடங்கி, திக்கல் இன்னும் மோசமாகும். 3 ஜிபி வரை உயர்த்திப் பார்ப்பது நியாயம். அதைவிடப் பலன் தருவது காட்சித் தூரத்தைக் குறைப்பது. 12 என்று வைத்திருந்தால் உங்களைச் சுற்றி 25-க்கு 25 என்ற கட்டத்தில் 625 நிலத்துண்டுகளை விளையாட்டு தூக்கிச் சுமக்கிறது. 8 ஆக்கினால் 17-க்கு 17, அதாவது 289 மட்டும். பாதிக்கும் மேல் சுமை இறங்கிவிடுகிறது.

ஜாவா மொழியே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. ரசிகர்கள் உருவாக்கிய சோடியம் என்ற இலவச இணைப்பு, அதே ஜாவா பதிப்பில் நிலத்தை வரையும் பகுதியை மட்டும் புதிதாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் வரையச் சொல்லித் தனித்தனியாகக் கட்டளை அனுப்பாமல், பலவற்றைச் சேர்த்து ஒரே கட்டளையாக அனுப்புகிறது. அதைப் போட்டதும் இதே வகை லேப்டாப்களில் ஃபிரேம் எண்ணிக்கை கண்கூடாக உயர்கிறது. மொழி மாறவில்லை, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதம் மாறியிருக்கிறது.

யூனிட்டி இன்ஜினில் செய்த விளையாட்டுகளிலும் இதே கார்பேஜ் கலெக்டர் கதை உண்டு. அங்கே விளையாட்டை எழுதுபவர்கள் பயன்படுத்துவது சி# மொழி. புதிதாகப் பழகுகிறவர்கள் எழுதும் வரிகளில் இது மிகப் பொதுவானது:

```csharp
void Update() {
    scoreText.text = "Score: " + score;
}
```

மதிப்பெண் மாறினாலும் மாறாவிட்டாலும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதிதாக ஓர் எழுத்துச் சரத்தை இது நினைவகத்தில் உருவாக்குகிறது. ஒன்று சில பத்து பைட்டுகள்தான். ஆனால் விநாடிக்கு 60 முறை, இதுபோல் ஐம்பது இடங்களில் என்றால் குப்பை மளமளவென்று சேரும். முன்பெல்லாம் யூனிட்டியின் கலெக்டர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அலசிவிட்டுத்தான் விளையாட்டைத் தொடரவிடும். 2019-இல் வந்த பதிப்பிலிருந்து அந்த வேலையைச் சிறு சிறு துண்டாகப் பல ஃபிரேம்களுக்குப் பிரித்துச் செய்யும் வசதி இருக்கிறது. பழைய யூனிட்டி விளையாட்டு ஒன்று, வெறும் இரு பரிமாணப் படமாக இருந்தும், சில விநாடிக்கு ஒரு முறை தாளம் தப்பாமல் திக்குகிறது என்றால் காரணத்தை இங்கே தேடலாம்.

அன்ரியல் இன்ஜின் விளையாட்டுகளில் திக்கல் வேறு மாதிரி. அங்கே தாளம் இருக்காது. புதிய இடத்துக்குள் நுழையும்போது, முதல் எதிரி தீப்பந்தை வீசும்போது, முதல் முறை மழை பெய்யும்போது என்று எதையாவது முதன்முதலாகப் பார்க்கிற கணத்தில் படம் உறையும். காரணம் ஷேடர்கள். ஒரு பரப்பின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் ஒவ்வொரு பிக்சலும் என்ன நிறம் காட்ட வேண்டும் என்று கணக்கிடும் சிறிய நிரல்தான் ஷேடர். ஈரமான கல்லுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, புகைக்கு ஒன்று என்று இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது இன்டெல்லா, ஏ.எம்.டியா, என்விடியாவா என்று விளையாட்டைச் செய்தவருக்குத் தெரியாது. அதனால் ஷேடர்களை ஒரு பொதுவான இடைநிலை வடிவத்தில் அனுப்பிவிடுகிறார். உங்கள் சிப்புக்கு உரிய கட்டளைகளாக அவற்றை மாற்றுவது உங்கள் கணினியில் உள்ள கிராபிக்ஸ் டிரைவரின் பொறுப்பு. ஒரு ஷேடரை மாற்ற சில மில்லி விநாடியும் ஆகலாம், நூற்றுக்கணக்கான மில்லி விநாடியும் ஆகலாம். கையில் இருப்பதோ 16.7.

பழைய டைரக்ட்எக்ஸ் 11 காலத்தில் டிரைவர்கள் இந்த மாற்றத்தை எப்படியோ மறைவில் சமாளித்துவந்தன. டைரக்ட்எக்ஸ் 12-உம் வல்கனும் வந்த பிறகு பொறுப்பு இன்ஜினிடம் வந்துவிட்டது. ஷேடரையும், அதனோடு வரும் வரைதல் அமைப்புகளையும் சேர்த்து ‘பைப்லைன்’ என்ற ஒரே தொகுப்பாக்கி, தேவைப்படும் முன்பே தயாரித்து வைத்துக்கொள் என்பது இவற்றின் விதி. எந்தெந்தத் தொகுப்பு தேவைப்படும் என்று இன்ஜினுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இதில் சிக்கலே இல்லை.

இங்கேதான் இரண்டு இன்ஜின்களின் பாதை பிரிகிறது. 2016-இல் வந்த டூம் விளையாட்டு ஐடி டெக் 6 என்ற இன்ஜினில் ஓடியது. அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அந்த ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் தங்கள் முறையை விளக்கினார்கள். விளையாட்டு முழுமைக்கும் சுமார் 100 ஷேடர்கள், ஏறக்குறைய 350 பைப்லைன்கள், அவ்வளவுதான். கல்லானாலும் இரும்பானாலும் பெரும்பாலும் ஒரே பெரிய ஷேடர். படங்களும் எண்களும் மட்டும் மாறும். தங்கள் விளையாட்டுக்காகத் தாங்களே இன்ஜின் செய்கிறவர்கள் ஓவியர்களுக்கு இப்படி எல்லை போட முடிகிறது. 350 பைப்லைன்களையும் தொடக்கத்திலேயே தயாரித்துவிடலாம், நடுவில் உறைய வேண்டிய அவசியம் வராது.

அன்ரியல் எல்லோருக்கும் பொதுவாக எபிக் நிறுவனம் கொடுக்கும் இன்ஜின். அதில் ஓவியரே பெட்டிகளைக் கம்பிகளால் இணைப்பதுபோல் திரையில் வரைந்து தனக்கு வேண்டிய பரப்பை உருவாக்கிக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாதவருக்கு அது பெரிய சுதந்திரம். ஆனால் அப்படி வரையும் ஒவ்வொரு படமும் ஒரு தனி ஷேடர். அசையாத சுவரின் மேல், நடக்கும் மனிதன்மேல், காற்றில் ஆடும் புல்லின்மேல் என்று அதற்குப் பல பிரதிகள் வேண்டும். ஒளி அமைப்புக்குத் தகுந்தாற்போல் மேலும் பல. உதாரணமாக 300 பரப்புகள், நான்கு வகை உருவங்கள், ஐந்து வகை ஒளி அமைப்புகள் என்று வைத்தாலே 6,000 ஆகிவிடும். இவற்றில் எது எப்போது தேவைப்படும் என்று யாரும் பட்டியல் போடாமல் விட்டுவிட்டால், பந்தியில் ஆள் உட்கார்ந்து இலை போட்ட பிறகு அரிசி களைகிற நிலைதான்.

எபிக் இதை உணர்ந்து, 2022 நவம்பரில் வந்த அன்ரியல் 5.1 பதிப்பிலிருந்து, ஒரு பொருள் நினைவகத்துக்கு வரும்போதே அதற்கான பைப்லைன்களைப் பின்னணியில் தயாரிக்கும் வசதியைச் சேர்த்தது. சில விளையாட்டுகள் முதல் திரையிலேயே Compiling Shaders என்று காட்டிக் காத்திருக்கச் சொல்கின்றன. 15 வாட் பிராசஸரில் அந்தக் காத்திருப்பு பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் அதைத் தாண்டிப் போகும் வழி இருந்தாலும் போகாதீர்கள்; அங்கே மிச்சம் பிடித்ததை விளையாட்டின் நடுவில் கொடுக்க வேண்டிவரும். ஒரு முறை தயாரித்தவை வட்டில் சேமிக்கப்படும். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் செல்லாது என்பதால், புதுப்பித்த மறுநாள் பழைய திக்கல் திரும்பியதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பிளேஸ்டேஷன்களில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், விற்ற எல்லாப் பெட்டியிலும் ஒரே வகை சிப் இருப்பதுதான். மாற்றத்தை விளையாட்டைச் செய்தவரே முடித்துத் தட்டில் வைத்துத் தந்துவிடுகிறார். வால்வ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கைக்கணினியும் அப்படியே. எல்லாருடைய கருவியும் ஒன்றுபோல் இருப்பதால், தயாரித்து முடித்த ஷேடர்களை வால்வ் தரவிறக்கமாகவே அனுப்பிவிடுகிறது.

திக்கல் ஷேடராலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உறைந்த இடத்துக்கு மறுபடி போங்கள், அதே காட்சியை மறுபடி பாருங்கள். இரண்டாம் முறை தடையின்றிப் போனால் ஷேடர்தான். ஒவ்வொரு முறையும் அதே வாசலில், அதே வளைவில் உறைந்தால், அங்கே அடுத்த பகுதியின் நிலமும் கட்டடங்களும் வட்டிலிருந்து ஏற்றப்படுகின்றன என்று பொருள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி போட்டால் இது குறைய வாய்ப்புண்டு. இடத்தோடு தொடர்பில்லாமல் சீரான இடைவெளியில் வந்தால் நினைவகத் துப்புரவைச் சந்தேகிக்கலாம்.

இனி மந்தம். திக்கவே இல்லை, ஆனால் எப்போதும் 20 ஃபிரேமுக்கு மேல் போகவில்லை என்கிற நிலை. உள்ளடங்கிய கிராபிக்ஸில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நினைவகத்துக்குப் போய்வரும் வழியின் அளவு, அதாவது பேண்ட்வித். நம் லேப்டாப்பில் 8 ஜிபி ஒரே அட்டையாக, டிடிஆர்4-2400 வகையாக இருந்தால், அந்த வழியில் விநாடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி போகலாம். பிராசஸரும் கிராபிக்ஸும் இதையே பங்கிட்டுக்கொள்கின்றன.

அன்ரியல் வழக்கமாகக் கையாள்வது ‘டிஃபர்டு’ என்ற முறை. முதல் சுற்றில் எந்த பிக்சலில் என்ன நிறம், எந்தப் பக்கம் சாய்வு, எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு தூரம் என்ற விவரங்களை எல்லாம் நினைவகத்தில் எழுதிவைக்கும். அடுத்த சுற்றில் அவற்றை வாசித்து வெளிச்சத்தைக் கணக்கிடும். நூற்றுக்கணக்கான விளக்குகள் எரியும் காட்சிக்கு இது அருமையான முறை. 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 20 பைட் என்று கொண்டால் எழுத 41 எம்பி, வாசிக்க 41 எம்பி. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் இதற்கே 5 ஜிபி போய்விடுகிறது. அதன் பிறகு ஒளிக்கசிவு, அசைவு மங்கல், விளிம்பு மென்மையாக்கம் என்று திரை முழுவதையும் வாசித்துத் திரும்ப எழுதும் சுற்றுகள் வருகின்றன. ஒரு சுற்றுக்குப் பிக்சலுக்கு 8 பைட் வாசித்து 8 பைட் எழுதினால் 33 எம்பி. அப்படிப் பத்துச் சுற்று என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 20 ஜிபி. மொத்த வழியும் அதற்கே போதவில்லை. நிஜத்தில் சில சுற்றுகள் பாதி அளவுத் திரையில் நடக்கும், சிப்புக்குள் இருக்கும் கேஷ் கொஞ்சம் கைகொடுக்கும். அப்படியும் பெரிய கார்டுகளை மனதில் வைத்துத் தீர்மானித்த வரைமுறை இந்த லேப்டாப்பை ஏன் நசுக்குகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

டூமின் ஐடி டெக் 6 வெளிச்சத்தின் பெரும்பகுதியைப் பொருளை வரையும்போதே கணக்கிட்டுவிடுகிறது. திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த விளக்கு எட்டும் என்று முன்பே குறித்துக்கொள்வதால், இடையில் எழுதி வாசிக்க வேண்டியது குறைவு. 2017 நவம்பரில் பேனிக் பட்டன் நிறுவனம் அதே டூமை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குக் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் நினைவக வழி அதிகபட்சம் விநாடிக்கு 25.6 ஜிபிதான், நம் லேப்டாப்பைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிரேமைப் பாதியாக்கி 30-இல் நிறுத்தினார்கள். காட்சி கனமாகும்போது படத்தின் பிக்சல் அளவைத் தானாகக் குறைத்தார்கள். இன்ஜின் இடம் கொடுத்ததால் அது நடந்தது. கம்ப்யூட்டர் பதிப்பின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் யுஹெச்டி 620 இடம்பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் 60 ஃபிரேம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எல்லாப் பழியையும் இன்ஜின்மேல் போடவும் முடியாது. யூனிட்டியில் செய்த ஹாலோ நைட் எளிய கணினிகளிலும் அழகாக ஓடுகிறது. அதே யூனிட்டியில் செய்து 2023 அக்டோபரில் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, விலை உயர்ந்த கார்டுகளையே திணறடித்தது. தூரத்தில் இருக்கும் உருவங்களுக்குப் பதிலாகக் காட்ட வேண்டிய எளிமையான மாற்று உருவங்கள் மனிதர்களுக்குச் செய்யப்படவில்லை என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். தெருவில் எறும்பளவு தெரியும் ஆளின் வாய்க்குள் இருக்கும் பற்களும் முழு நுணுக்கத்தோடு நினைவகத்தில் உட்கார்ந்திருந்தன. எந்த இன்ஜினும் அதைத் தானாகத் திருத்தியிருக்காது.

மந்தத்துக்குக் காரணம் கிராபிக்ஸும் நினைவக வழியுமா, அல்லது பிராசஸரா என்று பிரித்தறிய, திரை அளவை 1920-க்கு 1080-இலிருந்து 1280-க்கு 720-க்கு மாற்றிப் பாருங்கள். பிக்சல்கள் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் முதலாவது. ஏறவே இல்லை என்றால் பிராசஸர். ஜாவா மைன்கிராஃப்டில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலாவது என்றால் செலவழிக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து Performance பகுதியில் Memory என்பதைச் சொடுக்குங்கள். Slots used: 1 of 2 என்று இருந்தால் உங்கள் லேப்டாப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஏற்கெனவே உள்ளதற்கு இணையான இன்னோர் 8 ஜிபி அட்டையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இரட்டை வழியாக இயங்கி, 19.2 என்பது 38.4 ஆகும். சில மாடல்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் இது முடியாது. போட முடிந்தால், மந்தமாக ஓடிய அன்ரியல் விளையாட்டுகளில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். புதிய காட்சியில் உறையும் ஷேடர் திக்கலையும், ஜாவா பதிப்பின் அந்த ஒரு கண நிறுத்தத்தையும் இரட்டை வழி நேரடியாகத் தொடாது.